சோறு இறங்குது, பரோட்டா நிக்குது: உணவுக்குழாயில் வரும் அலர்ஜி

(ஒலிபரப்பான எபிசோடை, படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தி எழுத்து வடிவில் தந்திருக்கிறோம்.)

போன எபிசோடில் நெஞ்செரிச்சலைப் பற்றிப் பேசினோம். அதைக் கேட்டுவிட்டுச் சிலர் எழுதியிருந்தார்கள்: "டாக்டர், எனக்கு எரிச்சல் எல்லாம் இல்ல. சாப்பிடும்போது நெஞ்சுல நின்னுடுது. தண்ணி குடிச்சா இறங்கிடுது. வயசு முப்பதுகூட ஆகல. இது என்ன?" எழுதியவர்களில் இரண்டு பேர், கேட்காமலே, சின்ன வயசில் இளைப்பு இருந்தது என்றும் சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இன்றைய எபிசோடு.

நான் தஞ்சாவூரில் வயிறு, குடல் மருத்துவம் பார்க்கிறேன். இன்றைக்குச் சொல்லப் போகும் நோயாளி ஒருவர் அல்ல. நான் பார்த்த சிலரைச் சேர்த்து ஒரே இளைஞனாக ஆக்கியிருக்கிறேன். யார் என்று தேட வேண்டாம்.

இருபத்தாறு வயசுப் பையன். திருவையாறு பக்கம் கிராமம். விவசாயக் குடும்பம். திருச்சியில் வேலை, அறை எடுத்துத் தங்கி மெஸ்ஸில் சாப்பாடு. சின்ன வயசில் இளைப்பு, முழங்கை மடிப்பில் சொறி, காலையில் எழுந்ததும் பத்துத் தும்மல். தை மாதம் சம்பா அறுவடை நடக்கும்போது வீட்டுக்கு வந்தால் கண் அரிக்கும், மூக்கு ஒழுகும். வைக்கோல் போர் பக்கமே போக மாட்டான். ஒரு சனிக்கிழமை ராத்திரி நண்பர்களோடு பரோட்டாவும் மட்டன் சுக்காவும். இரண்டாவது வாயோ மூன்றாவது வாயோ, நடுநெஞ்சில் நின்றுவிட்டது. தண்ணீர் குடித்தான், குடித்த தண்ணீர் அப்படியே திரும்பி வந்தது. அதற்கப்புறம் எச்சிலைக்கூட முழுங்க முடியவில்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் துப்பிக்கொண்டே வந்து சேர்ந்தான். மூச்சு நன்றாக இருந்தது, பேச்சும் வந்தது. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்கு வருவேன்.

எண்டோஸ்கோப்பி செய்து அந்தக் கறித்துண்டை எடுத்தோம். எடுத்த பிறகு, குழாயை வெளியே இழுக்காமல், அதே நேரத்தில் உணவுக்குழாயின் சுவரிலிருந்து ஆறு சிறு துண்டுகள் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினோம். இந்த நோயைக் கண்டுபிடிப்பதா, தவறவிடுவதா என்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முடிவாகிறது. கறியை எடுத்ததும் ஆள் சிரித்த முகமாக வீட்டுக்குப் போய்விடுவான். "பத்து நாள் கழிச்சு வாப்பா, சதை எடுத்துப் பார்க்கலாம்" என்றால் பெரும்பாலும் வர மாட்டான். அடுத்த பரோட்டாவுக்குத்தான் வருவான்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு

மறுநாள் காலை நான் அவனிடம் கேட்டேன், "இதுக்கு முன்னாடி நெஞ்சுல நின்னுருக்கா?" "இல்ல சார், இதான் முதல் தடவை." இப்படித்தான் சொல்வார்கள். பொய் இல்லை, அவர்கள் அப்படித்தான் நம்புகிறார்கள். ஆனால் பக்கத்தில் அம்மா இருந்தார். அவரிடம் திரும்பி, "அம்மா, இவன் எப்படிச் சாப்பிடுவான்?" என்று கேட்டேன்.

"எல்லாரும் எந்திரிச்ச அப்பறமும் இவன் மட்டும் உக்காந்திருப்பான் சார். பக்கத்துல சொம்புத் தண்ணி இல்லன்னா இலையில கையே வைக்க மாட்டான். கறின்னா நூல் நூலா பிச்சுத்தான் தின்பான். காய்ச்சல் மாத்திரையகூட ஒடைச்சுத் தண்ணில கரைச்சுத்தான் குடுக்கணும். சின்னப் புள்ளையிலேர்ந்தே அப்படித்தான், மெதுவாத் திங்கிற சுபாவம்."

சுபாவம் இல்லை. இது நோயின் அடையாளம். உணவு மெதுவாக இறங்குகிற ஒரு குழாயோடு பத்து வருஷம் வாழ்ந்தால் மனுஷன் தன்னை அறியாமலே அதற்கேற்ப மாறிவிடுகிறான். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடிப்பான். பொடிப்பொடியாகப் பிட்டுத் தின்பான். குழம்பை நிறைய ஊற்றிக்கொள்வான். ரொம்ப நேரம் மெல்லுவான். கெட்டியான பண்டத்தை ஒதுக்குவான். மாத்திரை என்றால் பயம். கல்யாணப் பந்தியில் அடுத்த பந்திக்கு ஆள் பின்னால் நிற்கிறது என்று தெரிந்தால் பாதியில் இலையை மூடிவிடுவான். இதில் இரண்டு மூன்று இருந்து, கூடவே அலர்ஜி உடம்பும் இருந்தால், "நிக்குதா?" என்ற கேள்விக்கு "இல்ல" என்று வரும் பதிலை நான் நம்புவதில்லை.

நம்ம டெல்டா சாப்பாடு இதை மறைப்பதற்கென்றே அமைந்தது மாதிரி இருக்கிறது. குழைய வடித்த சோறு. முதலில் குழம்பு, அப்புறம் ரசம், கடைசியில் மோர். மூன்று தடவையும் ஈரம். காலையில் பழையது, அல்லது சாம்பாரில் ஊறிய இட்லி. சோறு ஒரு கட்டியாகத் திரண்டு நிற்காது, பருக்கை பருக்கையாகப் பிரிந்து வழுக்கிக்கொண்டு போகும். அதனால் ஊரில் இருக்கும்வரை இவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. திருச்சி மெஸ்ஸில் சப்பாத்தியும், ஓட்டலில் பரோட்டாவும் சிக்கனும் வந்த பிறகுதான் குழாயின் உண்மையான அகலம் வெளியே வந்தது. ரொட்டியும் கறியும் முக்கிய உணவாக இருக்கும் ஊர்களில் இப்படி முழுங்க முடியாமல் அவசர சிகிச்சைக்கு வரும் இளைஞர்களில் பாதிப் பேர்வரை இந்த நோய்தான் என்று அங்கே வந்த ஆய்வுகள் சொல்கின்றன. இங்கே நோய் குறைவாக இருக்கலாம். ஆனால் இருப்பதையும் ரசம் மறைத்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

அந்த ஈசினோபில்தான், இடம்தான் வேறு

நோயின் பெயர் ஈசினோபிலிக் ஈசோஃபஜைட்டிஸ். ஈசினோபில் என்ற ரத்த அணு உணவுக்குழாயின் சுவரில் வந்து குடியேறுவதால் வரும் அழற்சி. ஈசினோபில் என்ற சொல் நம்ம ஊருக்குப் புதிதல்ல. "எனக்கு ஈசினோபில் இருக்கு சார்" என்று பாட்டிகள்கூடச் சொல்வார்கள். அவர்கள் சொல்வது இருமல், இளைப்பை. அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1940-இல் மதனப்பள்ளிக் காசநோய் மருத்துவமனையில் இருந்த ஃப்ரிமோட்-மோலரும் பார்ட்டனும், காசநோய் மாதிரியே தோன்றி, ரத்தத்தில் ஈசினோபில் மட்டும் எக்கச்சக்கமாக ஏறியிருந்த நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அது யானைக்கால் புழுவுக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு என்று பிறகு தெரிந்தது. யானைக்கால் என்றால் கும்பகோணத்தைச் சொல்லும் காலம் ஒன்று இருந்ததே, அந்தக் காலத்திலிருந்து இங்கே ஈசினோபில் என்றாலே நுரையீரலும் புழு மாத்திரையும்தான் நினைவுக்கு வரும்.

உணவுக்குழாய் விஷயம் அப்படி இல்லை. ரத்தத்தில் ஈசினோபில் கணக்கு சாதாரணமாக இருந்தாலும் உணவுக்குழாயில் நோய் இருக்கலாம். ரத்தத்தில் அதிகம் இருந்தால் அது குடல் புழுவாகவோ மூக்கு அலர்ஜியாகவோ இருக்கலாம், உணவுக்குழாய் சுத்தமாக இருக்கலாம். ஆகவே ரத்தப் பரிசோதனையை வைத்து "இருக்கு" என்றும் சொல்ல முடியாது, "இல்லை" என்றும் சொல்ல முடியாது. சதைத் துண்டைத்தான் பார்க்க வேண்டும். இரைப்பையிலும் குடலிலும் ஈசினோபில்கள் கொஞ்சம் இயல்பாகவே இருக்கும். உணவுக்குழாயின் மேல்தோலில் இருக்கவே கூடாது. மைக்ரோஸ்கோப்பில் பெரிதாக்கிப் பார்க்கும் ஒரு வட்டத்துக்குள் 15 அல்லது அதற்கு மேல் இருந்து, முழுங்குவதில் சிரமமும் இருந்து, வேறு காரணமும் இல்லை என்றால் இதுதான் நோய். நம்ம பையனுக்கு 42 இருந்தது.

இதை மருத்துவ உலகமே தாமதமாகத்தான் கண்டுகொண்டது. 1993-இல் ஸ்டீஃபன் ஆட்வுட்டும் அவர் குழுவும் 12 பேரைப் பற்றி எழுதினார்கள். அடுத்த வருஷம் சுவிட்சர்லாந்தில் அலெக்ஸ் ஸ்ட்ராமன் 10 பேரைப் பற்றி எழுதினார். அதுவரை இப்படிப்பட்டவர்களுக்கு "அமிலம்" என்றோ "மனக்கவலை" என்றோதான் பெயர் வைத்தார்கள். காரணம் சாப்பாடு என்று காட்டியது 1995-இல் அமெரிக்காவில் 10 குழந்தைகளை வைத்து நடந்த ஒரு ஆய்வு. எல்லாச் சாப்பாட்டையும் நிறுத்தி, புரதமே இல்லாமல், புரதத்தை முழுக்க உடைத்த அமினோ அமிலக் கரைசலை மட்டும் கொடுத்தார்கள். எட்டுக் குழந்தைகளுக்கு முழுதாகச் சரியானது, இரண்டு பேருக்குப் பெருமளவு குறைந்தது. பழைய உணவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்ததும் தொல்லையும் திரும்ப வந்தது.

இது எந்த மாதிரி அலர்ஜி என்பதில்தான் பலருக்குக் குழப்பம். இறால் சாப்பிட்ட அரை மணியில் உதடு வீங்கி உடம்பெல்லாம் தடிப்பு வருவது ஒரு வகை. அது உடனே வரும், எதனால் என்று நமக்கே தெரியும். உணவுக்குழாய் அலர்ஜி அப்படி இல்லை. தினமும் சாப்பிடும் ஒரு பொருளுக்கு எதிராகச் சுவருக்குள் மெதுவாக, வாரக்கணக்கில் நடப்பது. காலையில் குடித்த காபிக்கும் ராத்திரி நின்ற சப்பாத்திக்கும் நேரடித் தொடர்பு கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் தோலில் குத்திப் பார்க்கும் சோதனையும், ஐஜிஇ என்று நீளப் பட்டியலாக வரும் ரத்தச் சோதனையும் இதற்கு வழி காட்டுவதில்லை. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு கத்தரிக்காயையும் தக்காளியையும் நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பல ஆயிரம் ரூபாய் போனதுதான் மிச்சம். உணவுக்குழாய் அப்படியே இருந்தது.

பதின்மூன்று மில்லிமீட்டர்

அழற்சியை அப்படியே விட்டால் என்ன ஆகும்? இதில்தான் இந்த நோயின் ஆபத்து இருக்கிறது. முதல் சில வருஷங்கள் சுவர் வீங்கியிருக்கும், அவ்வளவுதான். அந்த வீக்கம் மருந்தில் வடியும். வருஷக்கணக்கில் ஆறாமல் இருந்தால் உடம்பு அங்கே தழும்பு போட ஆரம்பிக்கிறது. தீக்காயம் ஆறிய தோல் எப்படி இறுகி, நீளாமல் போகிறதோ அப்படி. சுவிட்சர்லாந்தில் 200 பேரை வைத்து 2013-இல் வந்த ஒரு கணக்கு: தொல்லை ஆரம்பித்து இரண்டு வருஷத்துக்குள் கண்டுபிடித்தவர்களில் நூற்றுக்கு 17 பேருக்குத்தான் குழாய் சுருங்கியிருந்தது. இருபது வருஷத்துக்கு மேல் தள்ளிப்போனவர்களில் நூற்றுக்கு 71 பேருக்கு. "மெதுவாத் திங்கிற சுபாவம்" என்று விட்டதற்கு விலை இதுதான்.

இன்னொரு எண்ணும் முக்கியம். நல்ல உணவுக்குழாய் 20 மில்லிமீட்டருக்கு மேல் விரியும். அது சுமார் 13 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் கெட்டியான உணவு நிற்க ஆரம்பிக்கும். ஏறக்குறைய சுண்டுவிரல் பருமன். இப்போது எண்டோஸ்கோப்பிக் குழாயின் பருமன் என்ன தெரியுமா? ஒன்பதிலிருந்து பத்து மில்லிமீட்டர். ஆக, 12 மில்லிமீட்டராகச் சுருங்கிய உணவுக்குழாய்க்குள் அந்தக் குழாய் சுகமாகப் போய்விடும். "குழாய் தடையில்லாம போச்சு, ஒண்ணும் இல்ல, நார்மல்" என்று ரிப்போர்ட் வரும். கறித்துண்டு மட்டும் போகாது. குறிப்பாக ஒரே இடத்தில் இல்லாமல் மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாகச் சுருங்கியிருந்தால் கண்ணுக்குப் பிடிபடுவது இன்னும் கஷ்டம். அப்போது பேரியம் முழுங்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரே அகலத்தை நன்றாகக் காட்டும்.

உள்ளே பார்க்கும்போது சில அடையாளங்கள் உண்டு. வட்ட வட்டமாக வளையங்கள், நீளவாக்கில் உழுத சால் மாதிரிக் கோடுகள், வெள்ளைப் புள்ளிகள், ரத்தக்குழாய்கள் தெரியாதபடி ஊதின தோல். அந்தக் கோடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஏர் ஓட்டிய வயல்தான் ஞாபகம் வரும். ஆனால் எதுவுமே தெரியாமல் சாதாரணமாகத் தோன்றும் குழாயிலும் நோய் இருக்கலாம். அழற்சி ஒரு இடத்தில் இருந்து அடுத்த இடத்தில் இல்லாமல் திட்டுத்திட்டாகப் பரவியிருக்கும். அதனால்தான் மேலே, கீழே என்று வெவ்வேறு மட்டத்திலிருந்து குறைந்தது ஆறு துண்டுகள். ஒரே துண்டு எடுத்து "ஈசினோபில் இல்லை" என்றால் அதை நான் பதிலாக எடுத்துக்கொள்வதில்லை. உங்களுக்கோ உங்கள் வீட்டுப் பிள்ளைக்கோ முழுங்குவதில் சிரமம் என்று எண்டோஸ்கோப்பி செய்யப் போனால், படுப்பதற்கு முன்னாலேயே கேளுங்கள்: "பார்க்க நார்மலா இருந்தாலும் உணவுக்குழாயிலேர்ந்து சதை எடுப்பீங்களா சார்?" இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

மருந்து, தேன், பால்

சிகிச்சைக்கு மூன்று வழி இருக்கிறது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை, உணவுக்குழாய்ச் சுவரில் படும்படி முழுங்கும் ஸ்டீராய்டு, உணவை நீக்குவது. எதை முதலில் எடுப்பது என்பது ஆளைப் பொறுத்தது. நம்ம பையனுக்கு மாத்திரையில் ஆரம்பித்தோம். ஒமெபிரசோல், பான்டோபிரசோல் என்று "கேஸ் மாத்திரை" என்பார்களே, அதேதான், ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு வேளை, எட்டு வாரம். இது அமிலத்தைக் குறைப்பதோடு, ஈசினோபில்களை அந்த இடத்துக்கு வரவழைக்கும் சமிக்ஞையையும் தணிக்கிறது. பாதிப் பேருக்குக் கிட்டத்தட்ட இதிலேயே அழற்சி அடங்கிவிடும்.

எட்டு வாரம் கழித்து வந்தான். "சூப்பரா இருக்கு சார், நிக்கவே இல்ல." மறுபடி எண்டோஸ்கோப்பி செய்து பார்த்தால் ஈசினோபில் 28. குறைந்திருக்கிறது, அடங்கவில்லை. அவன் ஏன் நன்றாக இருக்கிறது என்றான்? பரோட்டா பயத்தில் எட்டு வாரமும் ரசஞ்சோறுதான் சாப்பிட்டிருக்கிறான். இந்த நோயில் ஆள் சொல்வதும் சுவர் சொல்வதும் ஒத்துப்போக வேண்டும் என்று இல்லை. அதனால்தான் ஒவ்வொரு சிகிச்சைக்குப் பிறகும் திரும்பக் குழாய் விட்டுப் பார்க்கிறோம். நோயாளிக்குச் சலிப்பாக இருக்கும், செலவும்தான். வேறு நம்பகமான வழி இப்போதைக்கு இல்லை.

அடுத்தது ஸ்டீராய்டு. பயப்பட வேண்டாம், இளைப்புக்கு நெபுலைசரில் போடும் புடசோனைடு மருந்துதான். இதற்கென்றே வாயில் கரையும் மாத்திரை ஐரோப்பாவில் 2018 முதல் இருக்கிறது. இங்கே நாங்கள் நெபுலைசர் மருந்தையே கெட்டியாக்கிக் கொடுக்கிறோம். தண்ணீராகக் குடித்தால் நேராக வயிற்றுக்குப் போய்விடும், குழாயின் சுவரில் ஒட்டாது. அதனால் ஒரு மில்லிகிராம் மருந்தை இரண்டு டீஸ்பூன் தேனில் குழைத்து, பாகு மாதிரி ஆக்கி, காலை சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, ராத்திரி படுக்கப்போகும்போது ஒன்று, கொஞ்சம் கொஞ்சமாக முழுங்க வேண்டும். பிறகு அரை மணி நேரம் தண்ணீர்கூடக் கிடையாது. அந்த அரை மணி கழித்து வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லையென்றால் வாயிலும் தொண்டையிலும் வெள்ளையாகப் பூஞ்சை படியும். அளவு ஆளுக்கு ஆள் மாறும், நீங்களே கலக்கிக் குடிக்க ஆரம்பிக்காதீர்கள். பன்னிரண்டு வாரத்தில் அவனுக்கு எண்ணிக்கை 3-க்கு இறங்கியது.

ஆனால் மருந்தை நிறுத்தினால் பெரும்பாலானோருக்கு மாதக்கணக்கில் திரும்ப வந்துவிடும். இது ஆஸ்துமா மாதிரி, ஒரு கோர்ஸோடு முடிவதில்லை. அவன் கேட்டான், "கல்யாணம் ஆனப்புறமும் தேன் குடிச்சுக்கிட்டே இருக்கணுமா சார்?" நியாயமான கேள்வி. அதனால் மூன்றாவது வழிக்குப் போனோம்.

முன்பெல்லாம் ஒரே நேரத்தில் ஆறு வகையை நிறுத்தச் சொல்வார்கள்: பால், கோதுமை, முட்டை, சோயா, கொட்டை வகைகள், கடல் உணவு. சொல்வது சுலபம். 2023-இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில் சிலருக்கு ஆறையும் நிறுத்தி, சிலருக்குப் பாலை மட்டும் நிறுத்திப் பார்த்தார்கள். ஆறு வாரத்தில் ஆறையும் நிறுத்தியவர்களில் நூற்றுக்கு 40 பேருக்கும், பாலை மட்டும் நிறுத்தியவர்களில் நூற்றுக்கு 34 பேருக்கும் அழற்சி அடங்கியது. வித்தியாசம் கொஞ்சம்தான். ஆகவே பாலில் ஆரம்பிப்பதுதான் புத்திசாலித்தனம். அரிசியைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். அரிசி இந்த நோயைத் தூண்டுவது அரிது, அதனால் சோற்றில் கை வைக்க வேண்டாம்.

பாலை நிறுத்துவது என்றால் நம்ம ஊரில் அது சின்ன விஷயமா? கும்பகோணம் டிகிரி காபி போச்சு. தயிர், மோர், வெண்ணெய், பால்கோவா, பன்னீர் எல்லாம் போச்சு. பிஸ்கட், ரொட்டி, சாக்லேட் என்று பால் பவுடர் சேர்ந்தவையும் போச்சு. சோதனை முடியும்வரை நெய்யும் வேண்டாம், அதில் பால் புரதம் துளி தங்கியிருக்கலாம். "நாட்டு மாட்டுப் பால்?" கூடாது. "ஆட்டுப் பால்?" கூடாது, புரதம் கிட்டத்தட்ட ஒன்றேதான். லாக்டோஸ் நீக்கிய பாலும் கூடாது. லாக்டோஸ் சர்க்கரை, இங்கே சண்டை புரதத்தோடு. அம்மாவுக்குத்தான் மிகவும் கஷ்டமாக இருந்தது. "மோரில்லாம எப்படி சார் சாப்பாட்ட முடிக்கறது?" என்றார். தேங்காய்ப் பாலில் இஞ்சியும் கறிவேப்பிலையும் போட்டு, எலுமிச்சை பிழிந்து மோர் மாதிரி செய்து கொடுத்திருக்கிறார். அவரே கண்டுபிடித்தது.

தேன் மருந்தையும் நிறுத்தி, பாலையும் நிறுத்தி, எட்டு வாரம் கழித்துப் பார்த்தால் எண்ணிக்கை 6. அவனுக்குக் காரணம் பால்தான். அதிர்ஷ்டசாலி. அடங்காமல் இருந்திருந்தால் அடுத்து கோதுமை. அது வேறு ஒரு தொல்லை. பரோட்டா, சப்பாத்தி, ரவை, சேமியா என்று எல்லாருக்கும் தெரிந்தவற்றை நிறுத்திவிடுவார்கள். பெருங்காயத்தை மறந்துவிடுவார்கள். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். டப்பாவின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும், படித்துப் பாருங்கள். தினமும் ரசத்தில் அது போய்க்கொண்டிருந்தால், கோதுமையை நிறுத்தியதாகச் சொல்வதில் அர்த்தமில்லை.

இவனுக்குத் தழும்பும் கொஞ்சம் இருந்தது. அழற்சி அடங்கிய பிறகும் சப்பாத்தி லேசாக உரசிக்கொண்டுதான் போனது. அதற்குப் பலூன் வைத்து உணவுக்குழாயை மெல்ல விரித்தோம். ஒரே நாளில் இல்லை, ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று மில்லிமீட்டர், பதினைந்து பதினாறுவரை. இரண்டு நாள் நெஞ்சு வலி இருக்கும். குழாய் கிழிவது மிக அரிது. விரிப்பதால் வழி திறக்கும், அழற்சி அடங்காது. அதனால் விரித்துவிட்டு மருந்தையோ உணவுக் கட்டுப்பாட்டையோ விட்டால் திரும்பச் சுருங்கும். டுபிலுமாப் என்ற ஊசி அமெரிக்காவில் 2022-இல் இந்த நோய்க்கு அனுமதி பெற்றது, நன்றாக வேலை செய்கிறது. விலைதான் நம்ம ஆட்களில் பெரும்பாலோருக்கு எட்டாது.

ராத்திரி பத்து மணிக்கு நின்றுவிட்டால்

இப்போது நான் கவனிக்கச் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். உணவு நிற்பதில் இரண்டு உண்டு. மூச்சுக்குழாயில் மாட்டினால் பேச்சு வராது, இருமல் வராது, மூச்சு நிற்கும், முகம் நீலமாகும். நிமிஷக் கணக்கு அது. முதுகில் ஓங்கித் தட்டி, வயிற்றில் அழுத்தி வெளியே தள்ள வேண்டும். உணவுக்குழாயில் மாட்டினால் பேசலாம், மூச்சு விடலாம், ஆனால் எச்சில் இறங்காது. அவனுக்கு இருந்தது இது.

இதற்கு வீட்டில் செய்வது எல்லாமே தப்பாகத்தான் இருக்கும். மீன் முள்ளுக்குச் செய்கிற மாதிரி சோற்று உருண்டையை விழுங்கச் சொல்வார்கள், வாழைப்பழத்தைத் திணிப்பார்கள், சொம்பு சொம்பாகத் தண்ணீர் கொடுப்பார்கள். சுருங்கிய குழாயில் அடைப்புக்கு மேல் இன்னொரு அடைப்பு சேரும், மேலே தேங்கும் தண்ணீர் நுரையீரலுக்குள் புகும். விரல் விட்டு வாந்தி எடுப்பது இன்னும் மோசம். அழற்சி உள்ள சுவர் ஈரக் காகிதம் மாதிரி, பலமாக ஓங்கரித்தால் கிழியலாம். வாந்திக்குப் பிறகு நெஞ்சில் தாங்க முடியாத வலி என்றால் அது ஆபத்து. சரியான வழி: சாப்பிடுவதையும் குடிப்பதையும் நிறுத்தி, நிமிர்ந்து உட்கார்ந்து, எச்சிலைத் துப்பிக்கொண்டு எண்டோஸ்கோப்பி உள்ள மருத்துவமனைக்குப் போவது. எச்சில் இறங்கவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். தானாக இறங்கிவிட்டாலும் அந்த வாரமே போய்க் காட்டுங்கள், சதை எடுக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி வந்திருந்தது. பட்டுக்கோட்டையிலிருந்து ஒருவர்: "எங்க அப்பாவுக்கு 58 வயசு, அவருக்கும் மூணு மாசமா நெஞ்சுல நிக்குது, ரெண்டு வேளை கேஸ் மாத்திரை குடுத்துப் பார்க்கலாமா?" வேண்டாம் ஐயா. இன்று நான் பேசியது அலர்ஜி உடம்புள்ள இளைஞர்களைப் பற்றி, வருஷக்கணக்கில் விட்டுவிட்டு வரும் தொல்லையைப் பற்றி. ஐம்பதைத் தாண்டியவருக்குப் புதிதாக, மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே வந்தால், எடையும் குறைந்தால், வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கமும் இருந்தால், முதலில் புற்றுநோய் இல்லை என்று பார்க்க வேண்டும். மாத்திரை கொடுத்துக் காத்திருக்காதீர்கள். இந்த வாரமே எண்டோஸ்கோப்பிக்கு அழைத்துப் போங்கள்.